அங்கிளா, அண்ணனா, சாரா: கடலூரில் புதிதாகக் குடிவந்தவர் யாரை எப்படிக் கூப்பிடுவது?

மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவரும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு 34 வயது, மனைவிக்கு 29, பையனுக்கு 5. கீழ்வீட்டில் வீட்டுக்காரர், 60 வயது. எதிர்வீட்டில் 41 வயதுப் பெண். தெருமுனை மளிகைக்கடைக்காரருக்கு 48 இருக்கும். காலையில் தேவனாம்பட்டினத்திலிருந்து கூடையோடு ஒரு மீன்காரம்மா வருகிறார். நால்வரையும் முதல் வாரத்திலேயே கூப்பிட்டாக வேண்டும். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமும் நமக்கு இல்லை.

வீட்டுக்காரர் விஷயத்தில் போட்டி சாருக்கும் அங்கிளுக்கும்தான். சார் என்றால் வாடகை, அட்வான்ஸ், கரண்ட் பில் என்ற அளவில் பேச்சு நிற்கும். குழாய் ஒழுகுகிறது என்று ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்ட அங்கிள் கொஞ்சம் இடம் கொடுக்கும். மாமா என்றோ சித்தப்பா என்றோ சொல்லக் கூடாதா? சொல்லலாம், ஆனால் அந்த இரண்டும் முறையைச் சொல்லிவிடும். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் நமக்கு அண்ணன் தங்கை. மாமா பிள்ளைகள் கட்டிக்கொள்கிற முறை. ஓர் இளம்பெண் உறவில்லாத ஆளை மாமா என்றால் தெரு அதைக் கவனிக்கும். (பிராமண வீடுகளில் மாமா, மாமி எல்லாப் பெரியவர்களுக்கும் பொது, அங்கே இந்தச் சிக்கல் எழாது.) அங்கிள் என்ற சொல் முறையையும் கேட்காது, சாதியையும் கேட்காது. நெய்வேலி குவார்ட்டர்ஸ் மாதிரி பல ஊர்க்காரர்கள் கலந்து வாழும் இடங்களுக்கு அது பொருந்துவது அதனால்தான். இந்த வீட்டுக்காரருக்கு அங்கிளே சரி.

எதிர்வீட்டுப் பெண்ணிடம்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 29 வயதுப் பெண்ணுக்கு 41 வயதுப் பெண் அக்கா முறை, ஆன்ட்டி இல்லை. ஆன்ட்டி என்றால் அவரை ஒரு தலைமுறை மேலே தள்ளிவிடுகிறோம். தவறு வரும் வழி பெரும்பாலும் குழந்தைதான். "ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லு" என்று பையனுக்குச் சொல்லிக்கொடுத்து, அதே வாயோடு நாமும் ஆன்ட்டி என்றே அழைக்கத் தொடங்குகிறோம். அவருக்குப் பிடிக்கவில்லை என்பது பேச்சிலேயே தெரியும்: "சும்மா அக்கான்னே கூப்பிடும்மா" என்பார், அல்லது பதிலைச் சுருக்கிக்கொண்டு நம்மை மேடம் என்பார். மன்னிப்பெல்லாம் தேவையில்லை, அடுத்த முறை பார்க்கும்போது இயல்பாக அக்கா என்றால் போதும். இரண்டு சொல்லும் ஒரே மூச்சில் வரலாம்: "அக்கா, ஒரு நிமிஷம் இவனைப் பாத்துக்கறீங்களா? டேய், ஆன்ட்டிகிட்ட சமத்தா இரு."

நெருக்கம் எவ்வளவு என்பதை வினையின் விகுதியில் பார்க்கலாம். அக்கா முதலில் "வாங்கக்கா" என்று தொடங்கி, பழகப் பழக "வாக்கா" ஆகும். அண்ணனும் அப்படித்தான், "சொல்லுங்கண்ணா" ஒருநாள் "சொல்லுண்ணா" ஆகிவிடும். ஆன்ட்டி எத்தனை வருடமானாலும் "வாங்க ஆன்ட்டி"யிலேயே நிற்கும். பெரியவர்கள் வாயில் "வா ஆன்ட்டி" வந்து கேட்பது அபூர்வம். திரும்பி வரும் சொல்லும் அப்படியே. அண்ணா என்றால் தம்பி என்றோ தங்கச்சி என்றோ பதில் வரும். அங்கிளுக்கு அப்படி ஒரு ஜோடிச் சொல் கிடையாது. "சொல்லுப்பா", "என்னம்மா" என்பதோடு சரி. அதனால் அங்கிளை மரியாதையான தூரம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தனியாக இருக்கும் இளம்பெண்ணுக்கு அந்தத் தூரம் பல நேரம் தேவையாகவும் இருக்கிறது.

மளிகைக்கடைக்காரருக்கு அண்ணா. 34 வயது ஆள் 48 வயதுக்காரரை அங்கிள் என்றால் காதில் உறுத்தும். கடைக்காரர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தவர் என்றால் அண்ணாச்சி நன்றாகப் பொருந்தும். உள்ளூர்க்காரரிடம் அண்ணா போதும். மாதக் கணக்கு வைத்துச் சாமான் வாங்கப் போகிறீர்கள் என்றால் சார் வேண்டாம், அது கல்லாவுக்கு அந்தப் பக்கமே அவரை நிறுத்தும். பையன் மட்டும் அவரை அங்கிள் எனலாம்.

மீன்காரம்மாவை யாரும் ஆன்ட்டி என்பதில்லை, இதை நாம் கவனிக்க வேண்டும். அதே வயதுப் பெண் வீட்டுக்காரரின் மனைவியாக இருந்தால் ஆன்ட்டி, தலையில் கூடை இருந்தால் "ஏம்மா, நில்லு". இங்கே ஆன்ட்டி வயதைப் பார்க்காமல் வசதியைப் பார்க்கிறது. அவரை ஆன்ட்டி ஆக்குவது இதற்கு வழியில்லை, அது இரண்டு பேருக்கும் ஒட்டாது. அக்கா என்றோ, வயது கூடுதலென்றால் அம்மா என்றோ கூப்பிட்டு, வினையில் "ங்க" சேர்த்தால் போதும்: "நில்லுங்கம்மா, வஞ்சிரம் இருக்கா?" ஆயா என்பது இந்தப் பக்கத்தில் பாட்டிக்கான சொல்தான், ஆனால் பள்ளிக்கூடத்தில் வேலை செய்பவரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள் என்பதால் சிலர் விரும்புவதில்லை. பையனுக்கு ஆன்ட்டி சொல்லிக்கொடுக்கும்போதே இவரைக் கூப்பிடவும் ஒரு முறைச்சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். அவனுக்கு இவர் பாட்டி.