திகதி ஒருவருக்கு, வரிசை இன்னொருவருக்கு

பிசினஸ் அனலிஸ்ட், புரொடக்ட் ஓனர், புராஜெக்ட் மேனேஜர், இந்த மூவரின் வேலையும் எங்கே பிரிகிறது என்பதற்கு ஓர் உதாரணம். அம்பாறையில் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவுச் செயலி செய்தோம். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் விலையில் கழிக்கிறார்கள் என்பதைத் தராசடியில் நின்று கண்டுபிடித்தவர் பிசினஸ் அனலிஸ்ட். அது அவர் வேலைதான். ஆனால் நேரே டெவலப்பரிடம் சொல்லிவிட்டார், சிக்கல் அங்கேதான். எது முதலில் என்று தீர்மானிப்பவர் புரொடக்ட் ஓனர். அவரோ அறுவடைக்கு முன்பே இந்த ஈரப்பதக் கழிப்பு செயலியில் வேண்டும் என்றார். திகதியும் செலவும் பார்க்கும் புராஜெக்ட் மேனேஜர், ஐந்து நாள் பிந்தும் என்றார். இரண்டும் சரி. கடைசியில் எஸ்எம்எஸ் ரசீது வசதியை ஓனர் அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளினார், திகதி மாறவில்லை.

தேவைகளை எழுதுவதில் அனலிஸ்டும் ஓனரும் அடிக்கடி முட்டிக்கொள்வார்கள். சின்ன அணியில் ஒருவரே இரண்டையும் பார்க்கலாம். மேனேஜரையும் ஓனரையும் மட்டும் ஒருவராக்காதீர்கள். அப்புறம் திகதியைக் காப்பாற்ற, ரசீதுக்குப் பதில் ஈரப்பதக் கழிப்புதான் வெட்டுப்படும்.