‘லைவ் காலண்டர்’ என்று காசு கேட்கிறார்களா? ஐசிஎஸ் லிங்க் பற்றி ஓர் எச்சரிக்கை

டியூஷன் மையம், விளையாட்டு அகாடமி, அபார்ட்மென்ட் சங்கம் என்று பல இடங்களில் இப்போது ஒரு லிங்க் கொடுக்கிறார்கள். “இதை உங்க காலண்டர்ல சேர்த்துக்கோங்க, நாங்க நேரம் மாத்தினா உடனே உங்க போன்லயும் மாறிடும்” என்கிறார்கள். அந்த ‘உடனே’வுக்குத் தனிக் கட்டணம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைக் கட்டாதீர்கள். லிங்க் `.ics` என்று முடிந்தாலோ `webcal://` என்று தொடங்கினாலோ அது ஐசிஎஸ் லிங்க். அதில் ஒரு மாற்றம் உங்கள் திரைக்கு எப்போது வரும் என்பதை விற்கிறவர் தீர்மானிக்க முடியாது.

ஓர் ஆன்லைன் பயிற்சி மையத்தில் நடந்ததைப் பாருங்கள். 2025 ஜூன் 14, சனிக்கிழமை. மாலை 6 மணி வகுப்பை 4 மணிக்கு மாற்றினார்கள். மாற்றியது காலை 11:05க்கு. மேக் கணினியில் லிங்க்கைச் சேர்த்திருந்த ஓரிரு பெற்றோருக்குச் சில நிமிடங்களில் புது நேரம் வந்துவிட்டது. கூகுள் காலண்டரில் சேர்த்திருந்த பெரும்பாலானவர்களுக்கு இரவு வரை 6 மணி என்றே இருந்தது. பிள்ளைகள் உள்ளே நுழைந்தபோது வகுப்பு முடிந்துவிட்டிருந்தது. புகார் செய்தவர்களுக்கு முதலில் வந்த பதில், “போனை ரீஸ்டார்ட் பண்ணுங்க.” அடுத்தது, “ஆப்பை அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்க.” மூன்றாவது பதில்தான் முக்கியம்: “ப்ரீமியம் எடுத்தா 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை சிங்க் ஆகும்.” எடுத்தவர்களுக்கும் பழைய கதைதான்.

ஏன் என்று புரிந்துகொள்ள, அந்த லிங்க்கின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அங்கே இருப்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. மேலே சொன்ன வகுப்பு அதற்குள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
BEGIN:VEVENT
UID:class-0614@example.com
DTSTAMP:20250614T053500Z
DTSTART:20250614T103000Z
DTEND:20250614T113000Z
SUMMARY:Physics
END:VEVENT
```

கடைசியில் உள்ள `Z` உலகப் பொது நேரத்தைக் குறிக்கிறது. அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம் வரும்: 10:30 என்பது மாலை 4 மணி. மையத்தில் ஒருவர் நேரத்தை மாற்றும்போது இந்தக் கோப்பில் சில வரிகள் மாறுகின்றன, அவ்வளவுதான். மாறியதை யாருக்கும் தெரிவிக்கும் வழி இந்தக் கோப்புக்குக் கிடையாது. உங்கள் காலண்டர்தான் அவ்வப்போது போய், கோப்பை முழுதாக எடுத்துவந்து, முன்பு இருந்ததற்குப் பதிலாக வைத்துக்கொள்கிறது. இரண்டு முறை போவதற்கு இடையில் நடந்த எதுவும் அதற்குத் தெரியாது.

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை போகும் என்பது ஒவ்வொரு காலண்டருக்கும் வேறு. கூகுள் தன் உதவிப் பக்கத்தில் 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று சொல்கிறது. நடைமுறையில் ஒரு நாள் முழுக்க ஆவதும் உண்டு. இணையவழி அவுட்லுக்கைப் பற்றி மைக்ரோசாஃப்ட் சொல்வது, சுமார் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டும், ஆனால் 24 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம் என்று. இந்த இரண்டிலும் இடைவெளியை மாற்ற உங்களுக்கு அமைப்பு எதுவும் இல்லை. மேக்கில் உண்டு: காலண்டர் பெயரின் மேல் வலது கிளிக் செய்து `Get Info` போனால் `Auto-refresh` என்று இருக்கும், அதில் 5 நிமிடம் வரை குறைக்கலாம். அந்த ஓரிரு பெற்றோருக்கு நேரத்தில் தெரிந்ததற்கு அந்த அமைப்புதான் காரணம். மையத்தின் சேவைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கூகுள் காலண்டரில் இன்னொரு விஷயம் பலரைக் குழப்புகிறது. ஐசிஎஸ் லிங்க்கைத் தேடிப் போவது உங்கள் போன் அல்ல, கூகுளின் சர்வர். போன் அந்த சர்வரோடு மட்டுமே பேசுகிறது. ஆகவே போனில் `Refresh` அழுத்தினால், கூகுளிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய நகலே மறுபடி வந்து சேரும். ரீஸ்டார்ட் செய்தாலும், ஆப்பை அழித்துப் போட்டாலும் இதே கதி. இந்த யோசனைகளைச் சொல்கிற உதவி மையத்துக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது நேரம் கடத்துகிறது.

ப்ரீமியம் என்று விற்பது என்ன? பெரும்பாலும் கோப்பின் தலைப்பகுதியில் இந்த வரிகளை எழுதிவிட்டு விற்கிறார்கள்:

```
REFRESH-INTERVAL;VALUE=DURATION:PT15M
X-PUBLISHED-TTL:PT15M
```

முதல் வரி 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7986 என்ற இணையத் தர ஆவணத்தில் உள்ளது. “15 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தால் நல்லது” என்று காலண்டருக்குச் சொல்லும் பரிந்துரை. கேட்பதும் கேட்காததும் காலண்டரின் விருப்பம். கூகுள் இதைப் பொருட்படுத்துவதில்லை. எழுதுவதற்கு விற்கிறவருக்குக் காலணா செலவும் இல்லை.

இனி மறுபக்கம். “தாமதம் எல்லாம் கூகுள் செய்வது, நாங்க என்ன பண்ண முடியும்?” என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுவதும் நடக்கிறது. உண்மையில் மையத்தின் சர்வரிலேயே கோளாறு இருக்கலாம். யார் பக்கம் தவறு என்று நீங்களே பார்க்கலாம். லிங்க்கை காப்பி செய்து, `webcal://` என்பதை `https://` என்று மாற்றி, பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறங்கள். ஒரு கோப்பு இறங்கும். அதை டபுள் கிளிக் செய்யாதீர்கள். செய்தால் நிகழ்ச்சிகள் உங்கள் சொந்தக் காலண்டருக்குள் நகலாகப் போய் உட்கார வாய்ப்புண்டு, பிறகு ஒன்றொன்றாக அழிக்க வேண்டியிருக்கும். நோட்பேடில் திறந்து வகுப்பின் பெயரைத் தேடி `DTSTART` வரியைப் பாருங்கள்.

மையம் மாற்றி ஒரு மணி நேரம் ஆகியும் கோப்பில் பழைய நேரமே (மேற்சொன்ன வகுப்பில் `123000Z`) இருந்தால், தவறு முழுக்க அவர்களுடையது. கூகுளைக் குறை சொல்ல இடமே இல்லை. அவர்கள் கோப்பை நாளுக்கு ஒருமுறைதான் புதிதாகத் தயாரிக்கிறார்கள், அல்லது நடுவில் உள்ள கேஷ் பழைய நகலை நீட்டுகிறது. இரண்டாவதைக் கண்டுபிடிக்க, கணினியின் கட்டளைச் சாளரத்தில் உங்கள் லிங்க்கைப் போட்டு இந்த ஒரு கட்டளை கொடுத்தால் போதும்:

```
curl -sI "https://example.com/class.ics"
```

பதிலில் `Cache-Control: max-age=86400` என்று இருந்தால், பழைய நகலை 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள், வைத்திருக்கலாம் என்று சர்வரே அனுமதி கொடுத்திருக்கிறது. 15 நிமிட சிங்க் விற்கிறவரின் சர்வரில் இது இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பில் புது நேரம் இருந்து, காலண்டரில் மட்டும் பழையது இருந்தால், ஒரு நாள் வரை அது இயல்பான தாமதம். இரண்டு நாள் தாண்டியும் மாறாவிட்டால் வேறு சந்தேகம் வர வேண்டும். பல தளங்கள் தானியங்கி வருகைகளைத் தடுக்கும் பாதுகாப்பை வைத்திருக்கின்றன. பிரவுசரில் போகும் உங்களுக்குக் கோப்பு கிடைக்கும். கூகுளின் சர்வருக்குக் கதவு சாத்தப்படும். அப்போது பழைய நிகழ்ச்சிகள் அப்படியே திரையில் நிற்கும், எச்சரிக்கை எதுவும் வராது. மையத்தின் தொழில்நுட்ப ஆளிடம், சர்வர் பதிவேட்டில் `Google-Calendar-Importer` என்று தேடி, அந்த வருகைக்குச் சர்வர் கொடுத்த பதில் எண் 200ஆ 403ஆ என்று பார்க்கச் சொல்லுங்கள். 200 என்றால் கோப்பு போயிருக்கிறது. 403 என்றால் கதவு சாத்தப்பட்டிருக்கிறது, அவர்கள்தான் திறந்துவிட வேண்டும்.

நேரம் சரியாக ஐந்தரை மணி தள்ளி, 4 மணி வகுப்பு இரவு 9:30 என்று காட்டினால் அது தாமதமே இல்லை. இந்திய நேரத்தை எழுதிவிட்டுப் பின்னால் `Z` போட்டிருக்கிறார்கள். எவ்வளவு காத்திருந்தாலும் சரியாகாது.

அவசரத்துக்குக் கூகுளைப் புதிதாகப் படிக்க வைக்க ஒரு வழி உண்டு. லிங்க்கின் முடிவில் `?v=2` சேர்த்து (ஏற்கெனவே `?` இருந்தால் `&v=2`), கணினியில் `Other calendars` பக்கத்திலுள்ள கூட்டல் குறி, பிறகு `From URL` என்று போய் அதை ஒட்டுங்கள். கூகுளுக்கு அது புது முகவரி என்பதால் உடனே போய் எடுத்துவரும். பழையதை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வகுப்பும் இரண்டு தடவை தெரியும். சில சர்வர்கள் கூடுதல் எழுத்தை ஏற்காமல் பிழை காட்டலாம். ஏற்றாலும் அந்த ஒருமுறைக்குத்தான் பலன். அடுத்த மாற்றத்துக்கு மறுபடி பழைய காத்திருப்புதான்.

ஐபோன்காரர்களுக்கு ஒரு வரி: காலண்டர் கணக்குகளில் `Fetch New Data` என்பதில் `Automatically` இருந்தால், சார்ஜரும் வைஃபையும் சேர்ந்திருக்கும்போது மட்டுமே பின்னணியில் புதுப்பிக்கும். 15 நிமிடம் என்று மாற்றுங்கள். லிங்க்கை ஐபோனிலேயே நேரடியாகச் சேர்த்திருந்தால்தான் இது உதவும். கூகுள் வழியாக வருவதற்கு உதவாது.

மையம் நிஜமாகவே வேகமாகத் தெரிவிக்க நினைத்தால் செலவில்லாமல் செய்யலாம். வகுப்பு அட்டவணையை ஒரு கூகுள் காலண்டரிலேயே வைத்து, அதைப் பெற்றோரின் ஜிமெயில் முகவரிகளோடு பகிரலாம், அல்லது முகவரியில் `cid=` வரும் பகிர்வு லிங்க்கைக் கொடுக்கலாம். அப்போது ஐசிஎஸ் கோப்பே நடுவில் இல்லை. எல்லாம் கூகுளுக்குள்ளேயே நடப்பதால் மாற்றம் சீக்கிரம் வந்துவிடும். அதே காலண்டரின் `Secret address in iCal format` என்ற முகவரியைக் கொடுத்தால் பழைய 12 மணி நேரச் சிக்கல் திரும்பிவிடும். பார்ப்பதற்கு இரண்டும் கூகுள் லிங்க்தான், அதனால் எது வந்திருக்கிறது என்று கவனித்துச் சேருங்கள். அன்றைய நாளே நேரம் மாறினால் எஸ்எம்எஸ் அல்லது வாட்ஸ்அப் தகவல் கட்டாயம் வேண்டும் என்று சேரும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ப்ரீமியத்துக்குப் பணம் கட்டியிருந்தால், வாக்குறுதி இருக்கும் விளம்பரம், பணம் கட்டிய ரசீது, நேரத்துடன் கூடிய இரண்டு ஸ்கிரீன்ஷாட் (கோப்பில் புது நேரம், காலண்டரில் பழைய நேரம்) ஆகியவற்றோடு முதலில் மையத்துக்கு மின்னஞ்சலில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். போனில் பேசினால் சான்று இருக்காது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். புகாரில் “காலண்டர் வேலை செய்யவில்லை” என்று எழுதாதீர்கள், கூகுளைக் கை காட்டித் தப்பித்துவிடுவார்கள். “15 நிமிடத்தில் புதுப்பிப்பு என்று சொல்லிக் கட்டணம் வாங்கினார்கள், அது இவர்கள் தரும் லிங்க்கில் இவர்களால் தர முடியாத சேவை” என்று எழுதுங்கள்.