முதலில் கேட்டவருக்கா, முதலில் வந்தவருக்கா?

வீட்டைக் காலிசெய்து பொருள்களை விற்பவர், முதலில் செய்தி அனுப்பியவருக்கு ஒதுக்குவதா, முதலில் பணத்துடன் நேரில் வந்தவருக்குக் கொடுப்பதா என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும். சென்னையில் நான் 8,000 ரூபாய்க்கு அறிவித்த ஃபிரிட்ஜை, முதலில் கேட்டவருக்காக நான்கு நாள் வைத்திருந்தேன். அவர் வரவில்லை, காத்திருந்த மற்றவர்களும் அதற்குள் வேறிடத்தில் வாங்கிவிட்டனர். இரண்டாவது விதியில் இந்த இழப்பு நேராது. ஆனால் தாம்பரத்திலிருந்து குட்டியானை வண்டி பேசிக்கொண்டு வருபவர் வெறும் வண்டியுடன் திரும்ப நேரிடலாம், அது நியாயமன்று. எனவே பெரிய பொருள்களை, ஃபிரிட்ஜ் கதவிலுள்ள கீறல் போன்ற குறைகளும் தெரியும் படங்களைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டவருக்கு, மறுநாள் மாலை 6 முதல் 8 மணிக்குள் எடுத்துச்செல்ல வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஒதுக்கி, அவர் தவறினால் அடுத்தவரை அழைப்பதே சரி. வாளி, பாத்திரங்களுக்கு இரண்டாவது விதியே போதும்.