பால் சங்கத்துக்கு ஒரு டெமோ: டிக்கெட் வரிசையா, டெஸ்ட் வரிசையா, ஒரு காலைப்பொழுதா?

கிளிநொச்சிப் பக்கத்துக் கால்நடை வளர்ப்போர் சங்கம் ஒன்றுக்கு, பால் சேகரிப்பைப் போனில் பதியும் செயலி செய்கிறோம். இரண்டு வாரத்துக்கு ஒரு வேலைச் சுற்று, அதுதான் ஸ்பிரின்ட். அது முடிகிற வெள்ளிக்கிழமை, காலைப் பால் எடுத்து முடிந்த பிறகு, பத்து மணிக்குச் சங்க மண்டபத்தில் ரிவியூ. தலைவர், பொருளாளர் அம்மா, முகாமையாளர், பால் எடுக்கும் பிள்ளைகள் இரண்டு பேர், மாடு வளர்ப்பவர்கள் மூன்று நான்கு பேர் வருவார்கள். மென்பொருள் அவர்கள் வேலையில்லை. பால் அவர்கள் வேலை.

மூன்று ரிவியூவுக்கு மூன்று விதமாக டெமோ ஸ்கிரிப்ட் எழுதிப் பார்த்தோம். கேட்டவர்கள் அதே ஆட்கள், மண்டபமும் அதே மண்டபம். அதனால் ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்க்க முடிகிறது.

முதலாவது, டிக்கெட் வரிசை. ஸ்பிரின்டில் முடித்த ஒன்பது டிக்கெட்டையும், அதாவது ஒன்பது வேலைக் குறிப்புகளையும், அதே ஒழுங்கில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை, இரண்டு வசனம். எழுத அரை மணித்தியாலம் போதும். எதுவும் விடுபடாது. முதல் ரிவியூவில் "பால் அளவு பதிவு" என்ற டிக்கெட்டுக்கு நான் போனில் 10 என்று அடித்தேன், 1500 ரூபாய் என்று வந்தது. (டெமோவுக்காக லீற்றர் 150 ரூபாய் என்று வைத்திருந்தோம்.) "அளவை அடித்தால் தொகை தானாக வரும்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த டிக்கெட் உறுப்பினர் தேடல், அதற்கடுத்தது கடவுச்சொல் மாற்றம். நாற்பது நிமிடம் முடிய, "நல்லா இருக்குத் தம்பி" என்று தலைவர் எழும்பினார். ஒரு கேள்வியும் வரவில்லை. அன்றைக்கு அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். உண்மையில், எங்கே கேள்வி கேட்பது என்று அவர்களுக்குப் பிடிபடவே இல்லை. பாலும் கடவுச்சொல்லும் உறுப்பினர் தேடலும் ஒரே நிறையில் வந்து போனால், எது தங்கள் காசைத் தொடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாவது, டெஸ்ட் வரிசை. சோதித்து முடித்ததைத்தானே காட்டுகிறோம், சோதனைக் காட்சிகளையே ஸ்கிரிப்டாக வாசித்தால் என்ன என்று நினைத்தோம். எங்கள் சோதனைகளை, சாதாரண வசனங்களாகவே எழுத விடும் கெர்கினில் எழுதுகிறோம். அதற்குத் தமிழ்ச் சொற்களும் உண்டு:

```
# language: ta
அம்சம்: காலைப் பால் பதிவு
  காட்சி: கவரேஜ் இல்லாத இடம்
    கொடுக்கப்பட்ட போனில் கவரேஜ் இல்லை
    எப்போது 10 லீற்றர் பதிந்தால்
    அப்பொழுது தொகை 1500 ரூபாய் என்று காட்டும்
```

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. எண்கள் முன்கூட்டியே முடிவாகியிருப்பதால், டெமோவில் வாய்க்கு வந்ததை அடித்து மாட்டிக்கொள்ள மாட்டோம். டெஸ்ட் எந்தப் பாதையில் போனதோ அதே பாதையில்தான் நாமும் போகிறோம். ஆனால் சத்தமாக வாசித்தபோது மண்டபம் களைத்துப்போனது. தமிழில் நிபந்தனையைக் காட்டும் விகுதி வினையின் கடைசியில்தான் ஒட்டும்: கவரேஜ் இல்லாவிட்டால், பால் பதிந்தால். "கொடுக்கப்பட்ட", "எப்போது" என்று முன்னால் ஒரு சொல்லை ஒட்டினால் இயந்திரத்துக்கு விளங்கும், காதுக்குத் தமிழாக ஏறாது. இன்னொன்று, ஒவ்வொரு காட்சியும் புதிதாகத் தொடங்குகிறது. முந்தின காட்சியில் பால் ஊற்றியவர் அடுத்த காட்சியில் இல்லை. மூன்றாவது காட்சியிலேயே பொருளாளர் அம்மா கணக்குப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கிவிட்டார்.

மூன்றாவது, ஒரு காலைப்பொழுது. டிக்கெட்டையும் டெஸ்டையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, பால் எடுக்கும் பிள்ளைக்கு விடிய என்னென்ன நடக்கும் என்று எழுதினோம். கான் வருகிறது. தராசில் ஏறுகிறது. போனில் பதிகிறார். கவரேஜ் இல்லாத இடத்தில் அது போனுக்குள்ளேயே காத்திருக்கிறது. அலுவலகத்துக்கு வந்ததும் போய்ச் சேர்கிறது. மாடு வளர்ப்பவருக்கு எஸ்.எம்.எஸ். போகிறது. பிழையாகப் பதிந்ததை முகாமையாளர் காரணம் எழுதித் திருத்துகிறார். மொத்தம் ஏழு காட்சி, இருபத்தைந்து நிமிடம். மிச்ச நேரம் முழுவதும் பேச்சுக்கு.

இதற்கு விலை உண்டு. இரண்டு காட்சிகள் இந்த ஸ்பிரின்டில் செய்தவையே அல்ல, பழையவை. கதை அறுந்துவிடாமல் இருக்க அவற்றையும் திரும்பக் காட்ட வேண்டியிருக்கிறது. எழுத ஒரு நாள் பிடித்தது. ஒரு காட்சி விழுந்தால் பின்னால் வருவதெல்லாம் விழும் ஆபத்தும் உண்டு. அதற்காக ஒவ்வொரு காட்சிக்கும் தனியாக ஒரு உறுப்பினர் கணக்கைத் தயாராக வைத்தோம். நான்காவது காட்சி பிசகினால், பதிவு ஏற்கனவே இருக்கிற வேறொரு கணக்கைத் திறந்து ஐந்தாவதிலிருந்து தொடரலாம். அந்தக் கணக்குகள் எல்லாம் கற்பனை எண்கள். உண்மையான உறுப்பினரின் பால் காசை அயலவர்கள் முன்னால் திரையில் போடக் கூடாது.

அப்புறம் நடந்ததுதான், இந்த வழியை நான் விடாததற்குக் காரணம். அலுவலகத்தில் ஒத்திகை பார்த்தபோது கானில் தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்தோம். 10 லீற்றர் தண்ணீர், தராசில் 10.0, போனில் 10, தொகை 1500. எல்லாம் பொருந்தியது. மண்டபத்திலோ அன்றைய பாலே இருந்தது. பால் எடுக்கும் பிள்ளை கானைப் 10 லீற்றர் கோடு வரை நிரப்பித் தராசில் தூக்கி வைத்தார். தராசு 10.3 காட்டியது. ஸ்கிரிப்டில் "தராசில் தெரிவதை அப்படியே பதிகிறார்" என்று இருந்தது. அப்படியே பதிந்தார். திரையில் 10.3 லீற்றர், 1545 ரூபாய்.

பொருளாளர் அம்மா கேட்டார்: "தம்பி, இது கிலோவோ, லீற்றரோ?"

தராசு காட்டுவது கிலோ. சங்கம் காசு கொடுப்பது லீற்றருக்கு. பால் தண்ணீரை விடக் கொஞ்சம் அடர்த்தி, ஒரு லீற்றர் ஏறத்தாழ 1.03 கிலோ. பாலின் அடர்த்தியை அளக்கும் அவர்களுடைய லக்ரோமீற்றர் 30 என்று காட்டினால் அதன் பொருள் 1.030 என்பதுதான். மண்டபத்தில் இருந்த பாதிப் பேருக்கு இது தெரியும், எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் செயலி கிலோவை லீற்றர் என்று எடுத்து, ஒவ்வொரு 10 லீற்றருக்கும் 45 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கும். எல்லா டெஸ்டும் பச்சைதான். ஏனென்றால் டெஸ்டிலும் நாங்கள்தான் "10 லீற்றர்" என்று எழுதினோம். நாங்கள் விளங்கிக்கொண்டதைத்தான் டெஸ்ட் சரிபார்க்கும், அவர்கள் செய்வதை அல்ல.

முதல் ரிவியூவில் காட்டியதும் இதே திரைதான். அன்று நான் விரலால் 10 அடித்தேன், தராசு அங்கே இல்லை. தங்கள் கை தினமும் செய்கிற வேலை முன்னால் ஓடும்போதுதான் மாறுபாடு கண்ணில் படுகிறது.

கவரேஜ் காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சங்கத்துக்கு அதுதான் உயிர். காலபோகத்தில் வயல் விதைத்த பிறகு மாடுகளைக் காட்டோரத் தரவைகளுக்குச் சாய்த்துவிடுவார்கள். பால் எடுக்கும் இடம் பலவற்றில் கவரேஜ் இல்லை. இதைக் காட்ட, எல்லோரும் பார்க்க போனை விமானப் பயன்முறைக்கு மாற்ற வேண்டும். இதில் இரண்டு பொறிகள். போன் திரையை வைஃபை வழியாகப் புரொஜெக்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், வைஃபையை நிறுத்திய கணமே படமும் போய்விடும். அதற்குப் பயந்து வைஃபையை விட்டுவைத்தால், பதிவு இரகசியமாக அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும், நாங்கள் பொய்யைக் காட்டியவர்கள் ஆவோம். சில ஆண்ட்ரொய்ட் போன்களில் விமானப் பயன்முறை போட்டாலும் வைஃபை அணையாமல் இருக்கும். மேல் பட்டியில் விசிறிக் குறி தெரிகிறதா என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும். நாங்கள் யூ.எஸ்.பி. வயரால் லப்டொப்பில் இணைத்து, போன் திரையை லப்டொப்பில் காட்டும் இதை ஓட்டுகிறோம்:

```
scrcpy --show-touches
```

வலையமைப்பு எதுவும் தேவையில்லை. விரல் எங்கே தொடுகிறது என்பதும் பெரிய திரையில் புள்ளியாகத் தெரியும். கடைசி வரிசையில் இருப்பவருக்கு அது பேருதவி. ஸ்கிரிப்டில் இந்த இடத்துக்கு எழுதிய வசனம்: "இப்ப போனுக்குக் கவரேஜ் இல்லை. பால் பதிஞ்சாச்சு. மஞ்சள் புள்ளி இருக்கும் வரைக்கும் அது இன்னும் அலுவலகத்துக்குப் போகேல்லை." சிங்க், சேர்வர் என்ற சொற்களை எடுத்துவிட்டோம். மஞ்சள் புள்ளியை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

வீடியோவாகப் பதிந்து போடும் வழியையும் யோசித்தோம். கரண்ட் போனாலோ எஸ்.எம்.எஸ். தாமதித்தாலோ கைகொடுக்கும் என்று அந்த இரண்டு காட்சிகளுக்கு மட்டும் லப்டொப்பில் வைத்திருக்கிறேன். முழு டெமோவுக்கும் வேண்டாம். தண்ணீரால் எடுத்த வீடியோவைப் போட்டிருந்தால் 10.3 வந்தே இராது.

எந்த வரிசையில் காட்டினாலும் ஒன்று மாறாது: முடியாததைக் காட்டுவதில்லை. ஸ்பிரின்ட் வைத்து வேலை செய்யும் முறையைச் சொல்லும் 2020 ஸ்க்ரம் வழிகாட்டியும், முடிந்தது என்பதற்கு அணி வைத்திருக்கும் வரையறையை எட்டாத வேலையை ரிவியூவில் காட்டவே கூடாது என்கிறது. அந்த ஸ்பிரின்டில் மாதாந்தக் கொடுப்பனவுப் பட்டியலும் இருந்தது, பார்வைக்கு அழகாக வந்திருந்தது. ஆனால் ஒரு டெஸ்ட் சிவப்பு. முதலாம் திகதி விடிய 5.15க்கு எடுத்த பால் முந்தின மாதக் கணக்கில் விழுந்தது. சேர்வர் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நாங்கள் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். அதனால் 5.30க்கு முந்தியதெல்லாம் அங்கே நேற்றையது. "சின்னப் பிழைதானே, காட்டிவிட்டு அடுத்த முறை திருத்துவோம்" என்று அணியில் ஒருவர் கேட்டார். திரையில் கண்டதை முகாமையாளர் முடிந்தது என்றே எடுத்துக்கொள்வார், அடுத்த மாதம் அதை நம்பிப் பால் காசு கொடுக்கும் திகதி சொல்லிவிடுவார். தொடக்கத்திலேயே "கொடுப்பனவுப் பட்டியல் இன்னும் சரிவரவில்லை, இன்று காட்டவில்லை" என்று ஒரு வசனம் சொன்னேன். யாரும் குறை சொல்லவில்லை.

ஆகவே எனக்கு ஸ்கிரிப்டின் எலும்பு காலைப்பொழுது, எண்கள் மட்டும் டெஸ்டிலிருந்து. டிக்கெட் வரிசை ஒரு தாளில் அச்சாகி முகாமையாளர் கையில் இருக்கட்டும், நிதி தந்தவர்கள் கேட்டால் அவர் அடையாளமிட்டுக் காட்டலாம். ஸ்பிரின்ட் முழுவதும் ஒன்றோடொன்று சேராத சின்னத் திருத்தங்களாக இருந்தால் நானும் டிக்கெட் வரிசையில்தான் போவேன். இல்லாத கதையைக் கட்டினால் கேட்பவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

கிலோவை 1.03ஆல் வகுத்து லீற்றர் ஆக்குவது என்று சங்கம் அன்றே முடிவெடுத்தது. ஒவ்வொரு கானுக்கும் லக்ரோமீற்றர் எண்ணை வைத்து வகுக்கலாமே என்றார் முகாமையாளர். பாலின் சூட்டுக்கு ஏற்ப அந்த எண் மாறும், வரிசையில் நிற்பவர்களுக்கு அதை விளங்கப்படுத்த முடியாது என்றார்கள் பால் எடுக்கும் பிள்ளைகள். அடுத்த ரிவியூவின் முதல் காட்சி எழுதியாகிவிட்டது: தராசில் 10.3 கிலோ, திரையில் 10.0 லீற்றர், 1500 ரூபாய். போனைப் பிடிக்கப்போவது நான் இல்லை, பொருளாளர் அம்மா. கானில் பால்தான் இருக்கும்.