இஞ்சி பூண்டு விழுது: உரிக்க எந்த வழி, வைக்க எந்த இடம்?

பூண்டு உரிக்க ஆளுக்கொரு வழி சொல்வார்கள். டப்பாவில் போட்டுக் குலுக்கு, வெந்நீரில் ஊறவை, மைக்ரோவேவில் வை, கத்தியால் நசுக்கு. எல்லாமே ஓரளவு வேலை செய்யும், குழப்பமே அதனால்தான். எது சீக்கிரம் முடிகிறது என்று மட்டும் பார்க்கிறோம், உரித்த பல் அடுத்து எங்கே போகப்போகிறது என்று பார்ப்பதில்லை. விழுது அரைக்கத்தான் என்றால் பல் நசுங்கினாலும் பரவாயில்லை, ஈரம் சேரக்கூடாது, சூடு படக்கூடாது. இந்த இரண்டையும் வைத்துத்தான் எல்லா வழிகளையும் எடை போட்டிருக்கிறேன்.

சூட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். முழுப்பூண்டைக் கையில் வைத்து முகர்ந்து பாருங்கள், பெரிதாக வாசனை இருக்காது. பல்லை நசுக்கியதும்தான் மூக்கைத் துளைக்கும். பல்லுக்குள் அல்லின் என்ற பொருள் ஓரிடத்திலும் அல்லினேஸ் என்ற நொதி வேறோரிடத்திலும் இருக்கின்றன. செல்கள் உடைந்து இரண்டும் கலக்கும்போது அல்லிசின் உருவாகிறது, அந்தக் காரமும் மணமும் அதனுடையது. நொதிக்குச் சூடு ஆகாது. முழுப்பல்லாக இருக்கும்போதே மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்தாலோ கொதிநீரில் போட்டு எடுத்தாலோ நொதி செத்துப்போகும், அப்புறம் எவ்வளவு அரைத்தாலும் வேகவைத்த பூண்டின் மந்தமான சுவைதான் வரும். மைக்ரோவேவில் பதினைந்து இருபது விநாடி வைத்தால் உள்ளே எழும் ஆவியில் தோல் கழன்றுவிடும், உண்மைதான், ஆனால் சூடு சமமாகப் பரவாது. சில பற்கள் பச்சையாக இருக்கும், சில பற்கள் ஓரத்தில் வெந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். குழம்பில் முழுசாகப் போட இது போதும். விழுதுக்கு நான் இதைத் தொடுவதில்லை.

வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர்? அது நல்ல வழிதான். பற்களைப் பிரித்து, அடிப்பக்கத்துக் கட்டையை நறுக்கிவிட்டு, கை பொறுக்கிற சூட்டில் கால் மணி நேரம் ஊறப் போட்டால் தோல் நமத்து வழுக்கிக்கொண்டு வரும். சின்னச் சின்னப் பற்கள் நிறைய இருக்கிற பூண்டுக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை, நகக்கண்ணும் எரியாது. ஒரே குறை ஈரம். உரித்ததும் துணியில் கொட்டி நன்றாகத் துடைத்து, அரை மணி நேரமாவது காற்றாட விட வேண்டும். அதையும் கணக்கில் சேர்த்தால் இது ஒன்றும் அவசரத்துக்கு உதவுகிற வழி இல்லை.

டப்பாவில் போட்டுக் குலுக்குவது பார்க்கத்தான் வேடிக்கை. நன்றாகக் காய்ந்து, தோல் காகிதம் மாதிரி சரசரக்கிற பூண்டாக இருந்தால் அரை நிமிடக் குலுக்கலில் பாதிக்கு மேல் உரிந்துவிடும். புதுப்பூண்டில் தோல் சதையோடு ஒட்டியிருக்கும், கை வலிக்கக் குலுக்கினாலும் வராது. இரண்டு விரலால் தோலைத் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்: சரசரத்தால் குலுக்கலாம், வழவழத்தால் ஊறப் போடுங்கள்.

கத்தியால் நசுக்குவதுதான் விழுதுக்கு என் முதல் தேர்வு. அகலமான கத்தியைப் பல்லின்மேல் படுக்கவைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டு. தோல் வெடித்துத் தனியாக வந்துவிடும், பல்லும் நசுங்கும், அரைக்கத்தானே போகிறோம். தண்ணீரும் இல்லை, சூடும் இல்லை. நசுக்கிய பல்லில் மணம் எழ ஆரம்பித்துவிடும் என்பதால் அதை மணிக்கணக்கில் திறந்து போடாமல் அன்றைக்கே அரைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். நடுவில் பச்சைக் குருத்து தெரிந்தால் எடுத்துவிடுங்கள், கசப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

இஞ்சிக்கு இவ்வளவு விவாதம் தேவையில்லை. கத்தியா கரண்டியா என்றால் கரண்டி. கத்தியால் சீவினால் தோலோடு சதையும் போகும், முடிச்சுகளுக்கு நடுவே நுழையவும் நுழையாது. தேக்கரண்டியின் விளிம்பால் சுரண்டினால் மெல்லிய தோல் மட்டும் சுருண்டு வரும், வளைவுகளிலும் கரண்டி தானாகத் திரும்பும். கரண்டிக்குத் தோல் அசைந்து கொடுக்கவில்லை என்றால் அது முற்றிய, காய்ந்த இஞ்சி. அதைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுவிட்டுச் சுரண்டுங்கள். இளசாக இருந்தால் தோலே எடுக்க வேண்டாம், மண் போகத் தேய்த்துக் கழுவினால் போதும். உண்மையில் இஞ்சியில் தோலைவிட நார்தான் தொல்லை. நார் நீளவாக்கில் ஓடுவதால், குறுக்கே மெல்லிய வட்டங்களாக நறுக்கிவிட்டு அரைக்க வேண்டும். நீளத் துண்டுகளாகப் போட்டால் மிக்ஸி பிளேடில் நூல் சுற்றின மாதிரி சுற்றிக்கொள்ளும்.

சரி, அரைப்பதற்கு வருவோம். நான் சமீபத்தில் அரைத்தது கால் கிலோ பூண்டும் கால் கிலோ இஞ்சியும். தோலும் கட்டையும் போக இரண்டும் சேர்ந்து 450 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. இஞ்சி வட்டங்களையும் இரண்டு தேக்கரண்டி உப்பையும் முதலில் ஜாரில் போட்டு விட்டு விட்டு ஓட்டினேன். இஞ்சி கரகரவென்று உடைந்து சாறு விட்ட பிறகுதான் பூண்டு, அதோடு இரண்டு மேசைக்கரண்டி வாசனையில்லாத எண்ணெய். பூண்டை முதலில் போட்டால் அது கூழாகிவிடும், இஞ்சி மட்டும் துண்டு துண்டாகப் பிளேடுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். சுற்றவில்லை என்றால் தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். ஊற்றாதீர்கள், நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு, மறுபடி ஓட்டுங்கள், இரண்டு மூன்று முறை வழித்தால் சரியாகிவிடும். தண்ணீர் சேர்த்த விழுது கூடவே பிரிந்து நிற்கும், எண்ணெயில் போட்டால் வதங்காமல் வெந்துகொண்டிருக்கும், கெடுவதும் சீக்கிரம். ஜாரைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் கொஞ்சம் ஆறவிடுங்கள்.

இடிகல்லில் இடிப்பவர்கள் அதுதான் மணம் என்பார்கள். அன்றைக்குச் சமைக்க இரண்டு கரண்டி வேண்டுமென்றால் நானும் இடிக்கத்தான் செய்வேன், மிக்ஸியைக் கழுவுகிற நேரத்தில் இடித்தே முடித்துவிடலாம். அரை கிலோவுக்கு அது தண்டனை.

இனிமேல்தான் முக்கியமான போட்டி, எங்கே வைப்பது என்பது. பாட்டிலில் அடைத்து மேலே எண்ணெய் ஊற்றி மூடினால் மாதக்கணக்கில் கெடாது என்பது பரவலான நம்பிக்கை, நானும் நெடுநாள் அப்படித்தான் வைத்திருந்தேன். எண்ணெய் காற்றைத் தடுக்கும், அதனால் மேலே பூஞ்சை வராது, நிறமும் மாறாது. ஆனால் காற்றில்லாத இடத்தில்தான் வளருவேன் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது: கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம். மண்ணில் இருப்பது, பூண்டும் இஞ்சியும் மண்ணுக்குள் விளைவது, அதன் வித்துகள் தோலோடு வீட்டுக்கு வந்துவிடும். புளிப்பு குறைந்த, காற்றில்லாத, குளிர்ச்சியும் இல்லாத இடம் கிடைத்தால் அது நரம்பை முடக்குகிற நஞ்சைச் சுரக்கும். 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இந்த நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். காரணம், குளிரூட்டாமல் வைத்திருந்த, எண்ணெயில் ஊறிய நறுக்கின பூண்டு. கெட்ட வாசனையோ நுரையோ வந்துதான் ஆகவேண்டும் என்பதும் இல்லை, முகர்ந்து பார்த்துத் தப்பிக்க முடியாது.

வதக்கி வைத்தால்? வித்துகள் கொதிநிலையையும் தாங்கும், அழிக்க அழுத்தத்தோடு 121 டிகிரி வேண்டும். உப்பு? அதைத் தடுக்க ஏறக்குறைய 10 சதவீதம் வேண்டும், நான் போட்டது 2 சதவீதம். அது சுவைக்கும் கொஞ்சம் சாறு விடுவதற்கும்தான். வினிகர்? pH 4.6க்குக் கீழே போனால் உண்மையிலேயே பாதுகாப்பு, கடை பாட்டில்கள் புளிப்பாக இருப்பதும் அமிலம் சேர்ப்பதால்தான். வீட்டில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு அந்த அளவுக்கு இறங்கிவிட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு விழுது பச்சையாகவோ நீலமாகவோ மாறவும் அமிலம் காரணமாகும். பூண்டின் கந்தகச் சேர்மங்களும் அமினோ அமிலங்களும் சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. ஃப்ரிட்ஜில் நாள்கணக்கில் கிடந்த பூண்டில் இன்னும் அதிகமாக வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அந்த நிறத்தால் மட்டும் கெடுதல் இல்லை, அரைத்த அன்றே பச்சையானால் தாராளமாகச் சமைக்கலாம்.

ஆக ஃப்ரிட்ஜா ஃப்ரீசரா என்றால், இரண்டும், ஆனால் பங்கு வேறு. நான்கு டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்கிற ஃப்ரிட்ஜில் நான்கு நாளைக்கு வேண்டியது மட்டும். எனக்கு அது ஐந்து மேசைக்கரண்டி. சின்னக் கண்ணாடிப் பாட்டிலில், காய்ந்த கரண்டி மட்டும் போட்டு எடுத்து, கதவில் வைக்காமல் உள்தட்டில். மிச்சம் முழுதும் அன்றைக்கே ஃப்ரீசருக்குப் போனது. உறைநிலை வித்தைக் கொல்லாது, வளரவிடாது, நமக்கு அது போதும்.

ஃப்ரீசரிலும் ஐஸ் ட்ரேயா ஜிப் கவரா என்று ஒரு சின்னச் சண்டை உண்டு. ட்ரேயில் அளவு துல்லியம், குழிக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் எனக்கு 26 கட்டி வந்தது. ஆனால் அந்த ட்ரேயை அதோடு மறந்துவிடுங்கள், எவ்வளவு கழுவினாலும் அடுத்த ஐஸ் கட்டியில் பூண்டு மணக்கும். உறைந்ததும் கட்டிகளை எடுத்து மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றாவிட்டால் ஃப்ரீசரே மணக்கும். ஜிப் கவரில் விழுதை அப்பளம் மாதிரி மெல்லிசாகத் தட்டி, காற்றை வெளியேற்றி, கத்தி முதுகால் கட்டம் கட்டமாக அழுத்திக் கோடு போட்டுவிட்டால் உறைந்த பிறகு சாக்லேட் மாதிரி உடைத்து எடுக்கலாம். சீக்கிரம் உறையும், இடமும் அடைக்காது. அளவு முன்னே பின்னே இருந்தால் எனக்குக் கவலையில்லை என்பதால் இப்போதெல்லாம் கவர்தான். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் போனாலும் கெடாது, மணம் மட்டும் மங்கிக்கொண்டே வரும், அப்போது ஒரு துண்டு கூடப் போட வேண்டியிருக்கும்.

சமைக்கும்போது உறைந்த கட்டியை வெளியே வைத்து இளகவிட வேண்டாம். எண்ணெய் காய்வதற்கு முன்பே, வெதுவெதுப்பாக இருக்கும்போதே போட்டு, மூடியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போட்டால் வெளியே கருகும், நடுவில் ஐஸ் இருக்கும், அடுப்பைச் சுற்றித் தெறிக்கும்.