இரண்டு தலைப்புகள், ஒரே கட்டுரை

முதல் தலைப்பு: “நீரிழிவு நோயாளிகளின் கால் பராமரிப்பு: ஓர் ஆய்வு”. இரண்டாவது: “வகை 2 நீரிழிவு நோயாளிகளில் செவிலியர் அளிக்கும் கால் பராமரிப்புப் பயிற்சி கால் புண்ணைத் தடுப்பதில் தரும் பலன்: சமவாய்ப்புச் சோதனை”.

முதலாவது சின்னது, வாசிக்க இதம். ஆனால் “ஓர் ஆய்வு” எதையும் சொல்லவில்லை. எல்லாக் கட்டுரையும் ஆய்வுதானே. இரண்டாவதில் யாருக்கு, என்ன செய்தோம், எதை அளந்தோம், எந்த வகை ஆய்வு என்ற நான்கும் இருக்கின்றன. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் `[ti]` போட்டுத் தலைப்பில் மட்டும் தேடுகிறவருக்கு, “கால் புண்” என்ற சொல் அங்கே இல்லையென்றால் கட்டுரை கிடைக்காது. சுருக்கத்தில் பத்து முறை எழுதியிருந்தாலும் அந்தத் தேடலுக்கு அது கணக்கில்லை. சமவாய்ப்புச் சோதனை என்பதைத் தலைப்பிலேயே சொல்லும்படி, இத்தகைய சோதனைகளை எப்படி எழுதுவது என்று சொல்லும் கன்சார்ட் வழிகாட்டியும் கேட்கிறது. முறையான மீளாய்வு செய்கிறவர்கள் அந்தச் சொல்லை வைத்தும் கட்டுரைகளைச் சலித்தெடுக்கிறார்கள்.

நீளம்தான் குறை. சரி, இதழின் எழுத்து வரம்பு இடித்தால் எதை வெட்டுவது? நான் முதலில் “தரும் பலன்” என்பதை எடுப்பேன். “கால் புண்” கடைசிவரை இருக்கட்டும். “பயிற்சி புண்ணைக் குறைக்கிறது” என்று முடிவையே தலைப்பாக்கலாமா? சில இதழ்கள் ஏற்பதில்லை. ஒரே மருத்துவமனையில் நடந்த சோதனைக்கு அது அளவுக்கு மீறிய வாக்குறுதியும்கூட.