Series1 பாண்டியா, கடலூரா?

எங்கள் முதலாளிக்கு இரண்டு இனிப்புக் கடைகள். ஒன்று பாண்டிச்சேரி நேரு வீதியில், இன்னொன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில். ஆறு மாத விற்பனையை எக்செல்லில் பார் சார்ட்டாகப் போட்டு நீட்டினேன். நீலமும் ஆரஞ்சுமாக அழகாகத்தான் இருந்தது. ஆனால் கீழே லெஜண்டில் Series1, Series2. "இதுல நம்ம பாண்டி கடை எதுப்பா?" என்றார். நியாயமான கேள்வி.

தப்பு என்னுடையதுதான். A1-இல் மாதம், B1-இல் பாண்டி, C1-இல் கடலூர் என்று தலைப்பு இருந்தும், A2-இலிருந்து C7 வரை மட்டும் செலக்ட் செய்து சார்ட்டைச் செருகிவிட்டேன். பெயர் கிடைக்காததால் எக்செல் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது. ஒரு நீலப் பாரைக் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பட்டையைப் பார்த்தால் தெரியும்:

```
=SERIES(,Sheet1!$A$2:$A$7,Sheet1!$B$2:$B$7,1)
```

அடைப்புக்குறி திறந்ததும் நேராகக் காற்புள்ளி வருகிறது பாருங்கள், அங்கேதான் பெயர் இருக்க வேண்டும்.

சார்ட் இப்போதுதான் போட்டது, நிறம் எதையும் மாற்றவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம். அழித்துவிட்டு A1-இலிருந்து செலக்ட் செய்து மறுபடி போடுங்கள். நிறம், எழுத்து, அச்சு எல்லாம் சரிசெய்து முடித்த சார்ட்டுக்குத்தான் வேறு வழி தேட வேண்டும். மூன்று இருக்கின்றன. மூன்றுக்கும் வாசல் ஒன்றே: சார்ட்டின் மேல் வலது கிளிக், Select Data.

முதல் வழி, Series1-ஐத் தேர்ந்து Edit அழுத்தி, Series name பெட்டியில் 'பாண்டி' என்று கையால் அடிப்பது. சீக்கிரம் முடியும். நானும் அன்றைக்கு இதைத்தான் செய்தேன், தீபாவளி சமயத்தில் மாட்டிக்கொண்டேன். கடைப் பையன் அனுப்பிய புதுப் பட்டியலில் கடலூர் முதலில், பாண்டி அடுத்து. தலைப்போடு அப்படியே பழையதன் மேல் பேஸ்ட் செய்தேன். எண்கள் இடம் மாறின. நான் அடித்த பெயர்கள் மாறவில்லை. கடலூர் விற்பனை பாண்டி பெயரில் நின்றது. பாண்டி கடை மேலாளருக்குக் காரணமே இல்லாமல் திட்டு. Series1 என்றிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். தப்பான பெயரை யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது வழி, அதே பெட்டியில் எதையும் அடிக்காமல் B1 செல்லைக் கிளிக் செய்வது. அடுத்ததற்கு C1. இப்போது ஃபார்முலா இப்படி ஆகும்:

```
=SERIES(Sheet1!$B$1,Sheet1!$A$2:$A$7,Sheet1!$B$2:$B$7,1)
```

இனி B1-இல் என்ன இருக்கிறதோ அதுதான் லெஜண்டில். மேலே சொன்ன பேஸ்ட் கூத்து நடந்தாலும் நிறம்தான் இடம் மாறும், பெயர் எண்ணோடு சேர்ந்தே வரும். ஒரே குறை, ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். இரண்டு கடைக்குச் சரி. பன்னிரண்டு கிளை வைத்திருப்பவருக்குக் கை வலிக்கும்.

அவருக்குத்தான் மூன்றாவது. அதே ஜன்னலின் மேலே Chart data range இருக்கிறது. அங்கே இருப்பதை அழித்துவிட்டு, தலைப்பையும் சேர்த்து A1-இலிருந்து C7 வரை இழுத்துவிட்டால் எல்லாப் பெயரும் ஒரே மூச்சில் வந்துவிடும். ஆனால் இதில் எது தலைப்பு, எது எண் என்பதை எக்செல் தானே ஊகிக்கிறது. பாண்டி, கடலூர் என்று எழுத்தாக இருந்தால் ஊகம் சரியாக வரும். தலைப்பே 2024, 2025 என்று ஆண்டாக இருந்தால் அதையும் விற்பனை என்று நினைத்துக்கொள்ளும். Series1 போகாது; கூடவே ஒரு ஜோடி பார் அதிகமாக முளைக்கும், அதன் அடியில் 'மாதம்' என்று எழுதியிருக்கும். விற்பனையை லட்சக் கணக்கில் 4.2, 5.1 என்று எழுதியிருந்தால் 2024 கோபுரம் மாதிரி எழும்பி மற்றதெல்லாம் தரையோடு ஒட்டிவிடும், உடனே கண்ணில் படும். முழு ரூபாயில் 4,20,000 என்று எழுதியிருந்தால்தான் ஆபத்து. 2024 கோடு போலக்கூடத் தெரியாது. அடியில் இருக்கும் 'மாதம்' என்ற சொல் மட்டுமே சாட்சி. A1-ஐக் காலியாக விட்டு மறுபடி இழுத்தால் சரியாகிவிடும். '2024 விற்பனை' என்று தலைப்பை எழுத்தாக்கினாலும் போதும்.

இன்னொன்றும் சிலர் செய்வதுண்டு. சார்ட்டைக் கிளிக் செய்ததும் எண்களைச் சுற்றி நீலக் கட்டம் வருமே, அதை மேலே ஒரு வரி இழுத்துத் தலைப்பைச் சேர்ப்பது. வேண்டாம். 'பாண்டி' என்ற சொல்லைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு முதல் இடத்தைக் காலியாகக் காட்டும், லெஜண்டும் மாறாது.

என் கணக்கில் இப்போதைக்கு ஐந்து சீரிஸ் வரை இரண்டாவது வழி, அதற்கு மேல் மூன்றாவது. முடித்ததும் முதல் சீரிஸின் ஒரு பாரைக் கிளிக் செய்து, அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் $B$1 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதலாளியிடம் அனுப்புகிறேன்.